கேள்வி இல்லாமலும் வரலாம்!

உதவி மையத் திறப்பு நாளில் பேச ஒரு சிறு வரவேற்புரையும், அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய வேலையும்

வாசகர் கேள்வி: ‘‘எங்கள் குடும்பம் மீஞ்சூர்ப் பக்கம் விவசாயம் செய்கிறது. நான் எண்ணூரில் ஒப்பந்தத் தொழிலாளி. நண்பர்கள் சேர்ந்து, சமுதாயக் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் இலவச உதவி மையம் தொடங்குகிறோம். இதற்கு முன்பு பக்கத்தில் இப்படி ஒன்று நடந்தது. ஜனங்கள் வாசல் வரை வந்து, ‘என்னான்னு போய் கேக்குறது?’ என்று திரும்பிப் போய்விடுவார்கள். ஆறு மாதத்தில் மூடிவிட்டார்கள். எங்கள் திறப்பு நாளில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். என்ன பேசினால் ஜனங்கள் உள்ளே வருவார்கள்?’’

- எண்ணூர் வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ‘என்னான்னு போய் கேக்குறது?’ என்று திரும்பிப் போனவருக்குக் குறை இல்லாமல் இல்லை. அதைக் கேள்வியாக மாற்றத் தெரியவில்லை. அரசு அலுவலகத்துக்குப் போனால் எந்தத் துறை, எந்தத் திட்டம், எந்தத் தேதி என்று கேட்பார்கள். அதெல்லாம் தெரிந்தவருக்கு உதவி மையமே வேண்டாம், நேராக அலுவலகத்துக்கே போய்விடுவார். மையத்துக்கு வர வேண்டியவர் அது தெரியாதவர்தான். ‘உங்கள் பிரச்னைகளுக்குத் தீர்வு காண வாருங்கள்’ என்று பேசினால், பிரச்னையைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்களை மட்டும் கூப்பிட்டதாக ஆகும்.

அதனால் கேள்வியைத் தயார் செய்யும் வேலை உங்களுடையது என்று பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். கீழே உள்ள பேச்சை அப்படியே படிக்கலாம், உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றியும் கொள்ளலாம். நிதானமாகப் படித்தால் மூன்று, நான்கு நிமிடம் ஆகும்.

பேச்சு

‘‘பெரியவங்களே, அக்கா தங்கச்சிகளே, அண்ணன் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

இந்த ரூமுக்கு உதவி மையம்னு போர்டு மாட்டியிருக்கோம். உள்ளே வர்றதுக்கு உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கணும்னு இல்ல. ‘ஏதோ சரியில்ல, என்னான்னு தெரியல’ன்னு வந்தா போதும். ‘எல்லாருக்கும் வந்துச்சாம், எனக்கு வரல’ன்னு வந்தா போதும். ‘இந்த லெட்டர்ல என்னா எழுதியிருக்கு’ன்னு ஒரு தாளை மட்டும் எடுத்துட்டு வந்தாலும் போதும். அதைக் கேள்வியா மாத்துறது எங்க வேலை.

படிக்கத் தெரியணும்னு இல்ல. எந்த ஆபீசுன்னு தெரியணும்னு இல்ல. தாள் எல்லாம் ஒரு பையில கலந்து கிடந்தா, அந்தப் பையோட வாங்க. சேர்ந்து பிரிச்சிப் பார்ப்போம். தாளே இல்லன்னாலும் வாங்க.

ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, எந்தக் குப்பம், எந்த நகர், சொந்த வீடா வாடகையா, படகு இருக்கா இல்லையா, எதுவும் கேக்க மாட்டோம். வெளியூர்ல இருந்து கம்பெனி வேலைக்கு வந்தவங்களும் வரலாம்.

காசு வாங்க மாட்டோம். உங்க ஒரிஜினல் தாளை வாங்கி வச்சிக்க மாட்டோம். போன்ல வர்ற ஓ.டி.பி. நம்பரைக் கேக்க மாட்டோம். நீங்க சொன்னதை வெளியில சொல்ல மாட்டோம்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறோம். நாங்க அதிகாரி இல்ல. பணம் வாங்கித் தர்றோம், வேலை வாங்கித் தர்றோம்னு சொல்ல மாட்டோம். எங்க போகணும், என்னா எழுதணும், எத்தனை நாள்ல பதில் வரணும், அது வரலன்னா அடுத்து என்னா செய்யணும்னு சொல்லுவோம். முடியாததை முடியாதுன்னு சொல்லுவோம்.

மீன் வித்துட்டு வர்றவங்களுக்காக மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும், ஷிப்ட் முடிச்சிட்டு வர்றவங்களுக்காக சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் திறந்திருக்கும். செவ்வாய், சனி ரெண்டு நாள். அந்த நேரத்துல யாராச்சும் ஒருத்தர் கட்டாயம் இருப்போம்.

சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போகவும் வரலாம். தண்ணி குடிங்க, உட்காருங்க. பேச்சு தானா வரும். நன்றி.’’

ஏன் இப்படி?

இந்தப் பேச்சில் வாழ்த்து இல்லை, நன்றிப் பட்டியல் இல்லை. கவுன்சிலரையும் ஊர்ப் பெரியவர்களையும் வரவேற்க வேண்டியிருந்தால், அதை வேறொருவர் தனியாகச் செய்யட்டும். இந்த மூன்று நிமிடம் வாசலில் தயங்கி நிற்பவருக்கு உரியது. இதில் மூன்று இடங்களை மட்டும் விளக்க வேண்டும்.

முதலாவது, ‘ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா’ என்ற வரி. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள எண்ணூர், சென்னை மாவட்டம் திருவொற்றியூர் வட்டத்தில் இருக்கிறது. வடக்கே உள்ள அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பகுதிகள் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கின்றன. மீன் பிடிப்பது ஒரே ஆற்றில், ஆனால் ஆட்சியர் வேறு, தாசில்தார் வேறு. திருவொற்றியூரே 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. வருவாய்க் கணக்கில் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் ஒரே வீட்டில் பழைய தாளில் ஒரு மாவட்டமும் புதிய தாளில் வேறொரு மாவட்டமும் இருக்கும். ‘நான் எந்த ஆபீசுக்குப் போகணும்?’ என்று ஒருவர் குழம்பினால் அது அறியாமை ஆகாது. தாள்களே அவரைக் குழப்புகின்றன.

இரண்டாவது, நேரம். மீன் விற்கும் பெண்கள் விடியுமுன்பே ஏலத்துக்குப் போய்விடுவார்கள். ஆலைகளிலும் துறைமுகத்திலும் வேலை செய்பவர்கள் ஷிப்ட் கணக்கில் வாழ்கிறார்கள். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை திறக்கும் மையம் இவர்கள் இருவரையும் தவற விடும். வாரம் முழுக்கத் திறக்க முடியாவிட்டால் பரவாயில்லை. சொன்ன இரண்டு நாளில் சொன்ன நேரத்துக்குத் திறந்திருக்க வேண்டும். ஒருமுறை பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வருவது அரிது.

மூன்றாவது, ‘முடியாததை முடியாதுன்னு சொல்லுவோம்’ என்ற வரி. எது கேட்டாலும் ஆகும் என்று சொல்பவரை இந்தப் பகுதி மக்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். எல்லையை முதல் நாளே சொல்லிவிட்டால், மற்றதைச் சொல்லும்போது நம்புவார்கள்.

வில்லியனூர் காட்டிய வழி

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரியில் வில்லியனூரை நடுவமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. ஊரார் இடம் கொடுக்க வேண்டும், ஊரிலிருந்தே ஆட்கள் பொறுப்பேற்க வேண்டும், எந்தச் சாதியாராக இருந்தாலும் உள்ளே வர இடம் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் நடந்தது. பல மையங்களைப் பெண்களே நடத்தினார்கள்.

அங்கே இருந்தவர்கள், யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. வீராம்பட்டினம் மீனவ ஊர். அங்கு அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து கடல் அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கும்படி வைத்தார்கள். எந்த மீனவரும் மையத்துக்கு வந்து ‘அலையின் உயரம் எவ்வளவு?’ என்று முதலில் கேட்டிருக்க மாட்டார், அப்படி ஒரு கணக்கு கிடைக்கும் என்றே அவருக்குத் தெரியாது. காதில் விழுந்த பிறகுதான், ‘நாளைக்கு எப்படி?’ என்று கேட்க வருவார். தெரிந்தால்தான் கேள்வி பிறக்கும்.

அந்த ஒலிபெருக்கியின் அருமை 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. நல்லவாடு என்ற மீனவ ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். அவர் ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோது, கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்றார்கள். எல்லோரையும் உடனே வெளியேறச் சொன்னார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொன்னார்கள். ஊரே தப்பியது. ‘தண்ணி வருது, என்னான்னு தெரியல’ என்பதுதான் அன்று அவர்கள் கையில் இருந்த ஒரே தகவல்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் இறங்கிய மறுநாள், 1939 செப்டம்பர் 4 அன்று, பிரிட்டனில் குடிமக்கள் ஆலோசனை மையங்கள் சுமார் 200 திறக்கப்பட்டன. குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டியை மையமாக மாற்றியும் ஒன்றை நடத்தினார்கள். ரேஷன், கடன், காணாமல் போன சொந்தக்காரர் என்று எல்லாம் ஒரே மேசைக்கு வந்தன. இவருக்கு இந்த மேசை, அவருக்கு அந்த மேசை என்று பிரிக்காததால்தான் மக்கள் வந்தார்கள்.

ஒருவர் வந்தால் என்ன செய்வது?

பேச்சைக் கேட்டு ஒருவர் உள்ளே வந்துவிட்டார். இனிமேல்தான் வேலை. ஒரு எடுத்துக்காட்டோடு போவோம். ஐம்பது வயதுள்ள ஒரு அம்மா வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூரில் மீன் வாங்கிக் கூடையில் விற்பவர். சொந்தப் படகு இல்லை. கையில் ஒரு துணிப்பை. ‘எண்ணெய் வந்தப்போ எல்லாருக்கும் பணம் வந்துச்சாம். எனக்கு ஒண்ணும் வரல’ என்கிறார்.

உடனே மனு எழுத உட்கார வேண்டாம். ‘உங்க பிரச்னை என்னம்மா?’ என்றும் கேட்க வேண்டாம், அதைத்தான் அவர் சொல்லிவிட்டார். மூன்று கேள்வி போதும். ‘என்ன நடந்துச்சும்மா, முதல்ல இருந்து சொல்லுங்க’, ‘இது எப்போ?’, ‘கையில என்னென்ன தாள் இருக்கு?’

முதலில், எந்தப் பணம் என்று பிரிக்க வேண்டும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை. அந்த வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதத்தில் அரசு இரண்டு விதமான நிவாரணம் அறிவித்தது. புயல் வெள்ளத்துக்கு 6,000 ரூபாய், ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து ரொக்கமாகத் தந்தார்கள். எண்ணெய்க் கசிவுக்குத் தனியாக 8.68 கோடி ரூபாய். அதில் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய், பாதிப்பு இருந்த பகுதிகளின் மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய்.

ஆக, ‘பணம் வரல’ என்ற இரண்டே சொல்லுக்குள் நான்கு தொகைகள் இருக்கின்றன. அந்த அம்மாவுக்குப் படகு இல்லை, 10,000 இல்லை. ‘ரேஷன் கடையில டோக்கன் குடுத்தாங்களே, அது வாங்குனீங்களா?’ என்று கேளுங்கள். ‘ஆமா, அது வாங்கிட்டேன்’ என்றால் 6,000 முடிந்தது. மீதி 12,500 அல்லது 7,500. இப்போது அவருக்கே கேள்வி தெளிவாகிவிட்டது: ‘எண்ணெய்க் கசிவு நிவாரணப் பட்டியல்ல என் குடும்பம் இருக்கா, இல்லையா?’

அடுத்து, துணிப்பையைப் பிரியுங்கள். ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை ஆகிய மூன்றையும் வரிசையாக மேசையில் வையுங்கள். பெயரும் முகவரியும் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் கணவர் பெயரோடும், மற்றொன்றில் தகப்பனார் பெயரோடும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சங்க அட்டையே இல்லை என்றால் அதையும் குறியுங்கள். பட்டியலில் விடுபட அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

பாஸ்புக்கில் கடைசியாக எப்போது பதிவு போட்டார்கள் என்று பாருங்கள். பழைய தேதி என்றால், மனு எழுதும் முன் வங்கிக்குப் போய்ப் பதிவு போட்டுவரச் சொல்லுங்கள். பணம் வந்தும் தெரியாமல் இருப்பது உண்டு. வேறொரு பழைய கணக்கில் விழுந்து கிடப்பதும் உண்டு. இரண்டு ஆண்டுக்கு மேல் தானாக எடுக்கவோ போடவோ இல்லை என்றால் கணக்கைச் செயலற்றது என்று வங்கி ஒதுக்கிவிடும். அடையாளச் சான்று கொடுத்து அதை உயிர்ப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

பாஸ்புக்கில் பணம் இல்லை என்று உறுதியானால்தான் எழுத்து வேலை. இங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 கை கொடுக்கும். மீன்வளத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒரு பக்கத்தில் மூன்றே கேள்வி எழுதுங்கள். இன்ன எண்ணுள்ள ரேஷன் கார்டுக் குடும்பம் எண்ணெய்க் கசிவு நிவாரணப் பட்டியலில் உள்ளதா? உள்ளது என்றால், எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் பணம் செலுத்தப்பட்டது? இல்லை என்றால், விடுபட்ட காரணம் என்ன? முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

அலுவலகம் தவறாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், ஐந்து நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும் என்று இந்தச் சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. எழுதத் தெரியாமல் வாயால் சொல்பவருக்கு, அதை எழுத்தாக்க அலுவலரே உதவ வேண்டும் என்று 6(1) பிரிவு சொல்கிறது. தெளிவாக எழுதத் தெரியாதவரும் தவறான வாசலுக்குப் போனவரும் கேட்க உரிமையுள்ளவர்களே என்று சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் மையம் அதே முறையில் நடந்தால் போதும்.

பதில் வந்த பிறகு இரண்டு வழி. பட்டியலில் இருந்து பணம் திரும்பிப் போயிருந்தால், வங்கி விவரத்தோடு துறைக்கு மனு. பட்டியலிலேயே இல்லை என்றால், காரணத்தைக் காட்டி மாவட்ட ஆட்சியருக்குத் திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனு. எந்த மனுவாக இருந்தாலும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கையை விட்டு விடக்கூடாது. வழக்கு வரை போக வேண்டியிருந்தால், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். தொலைபேசி எண் 15100.

முடிவில் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ‘இத்தனை நாள் கழிச்சி இந்தப் பணம் வரும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா அடுத்த தடவை கணக்கெடுக்கும்போது உங்க பேரு விட்டுப்போகாம இருக்க, இந்த ரெண்டு தாளை இப்பவே சரி பண்ணிடலாம்’ என்று சொல்லுங்கள். வெறுங்கையோடு வந்தவர் செய்ய வேண்டிய இரண்டு வேலையோடு போகிறார்.

நோட்டுப் புத்தகம் ஒன்று

கணினி பிறகு வரட்டும். முதலில் கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, வந்தவர் பெயர், அவர் சொன்ன வார்த்தை, நாங்கள் சொன்னது, மறுபடி வரவேண்டிய நாள் என்று ஐந்து கட்டம் போதும். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். ‘நிவாரணம் தொடர்பான கோரிக்கை’ என்று மாற்றி எழுதினால், பின்னால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

அப்படியே எழுதுவதில் இன்னொரு பயன் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட பகுதியில் ஒருவர் வந்து ‘ராத்திரியில ஒரு மாதிரி நாத்தம், தொண்டை கரகரங்குது’ என்று மட்டும் சொல்லக்கூடும். அவரிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் ஒரே தெருவிலிருந்து ஐந்து பேர் அதையே சொல்லியிருந்தால், உங்கள் நோட்டு அதைக் காட்டிக் கொடுக்கும். நாள், நேரம், தெரு, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எழுதிய ஒரு பக்கத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பலாம். தொண்டை கரகரப்பவரை அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, தேதி போட்ட ஓ.பி. சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பின்னால் யார் கேட்டாலும் அதுதான் சான்று. இரவில் கண் எரிந்து மூச்சு முட்டினால் மையம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், காற்றுக்குக் குறுக்கே விலகிப் போய் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள்.

நோட்டை மேசையில் திறந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது. சொன்னதை வெளியில் சொல்ல மாட்டோம் என்று பேச்சில் சொல்லியிருக்கிறீர்கள். வட்டிக்கடன், குடும்பச் சண்டை, முதலாளி மேல் புகார் எல்லாம் அதில் இருக்கும். இரவில் பூட்டி வையுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்

இப்படிப்பட்ட மையம் பெரும்பாலும் சண்டையால் மூடுவதில்லை, மெல்ல மெல்ல ஜெராக்ஸ் கடையாக மாறி மூடும். விண்ணப்பம் நிரப்புவது மட்டும் நடக்கும், பேச்சு நின்றுவிடும். உங்கள் நோட்டில் ‘சொன்ன வார்த்தை’ என்ற கட்டம் காலியாகவும், விண்ணப்பங்களின் பெயர் மட்டும் வரிசையாகவும் இருந்தால் அந்த நோய் தொடங்கிவிட்டது. இன்னொரு அறிகுறி, ஒரே நான்கு குடும்பத்தார் மட்டும் வருவது. அப்போது மையத்தைப் பூட்டிவிட்டு, அந்த இரண்டு மணி நேரத்தை ஏலக் கூடத்திலோ பேருந்து நிறுத்தத்திலோ கழியுங்கள்.

மூன்றாவது, மையத்தில் இருப்பவரே தரகராக மாறுவது. ‘அண்ணனுக்கு டீச்செலவுக்கு’ என்று ஒருவர் பத்து ரூபாய் வைத்தாலும் திருப்பிக் கொடுங்கள். அடுத்து வருபவர் கையில் பத்து ரூபாய் இருக்காது, அவர் வாசலோடு திரும்பிவிடுவார்.

கிராமத்தில் தொடங்குபவர்களுக்கு

இது எண்ணூருக்கு மட்டும் சொன்னதல்ல. விவசாயக் கிராமத்தில் இதே ‘பணம் வரல’ பி.எம்.கிசான் பற்றி வரும். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. அங்கேயும் மூன்று இடத்தில் தடை இருக்கும். நில ஆவணம் சேர்க்கப்பட்டதா, இ-கே.ஒய்.சி. முடிந்ததா, ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது? pmkisan.gov.in பக்கத்தில் பதிவு எண்ணைப் போட்டால் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தெரியும். முதலாவது தடை என்றால் வேளாண்மை அலுவலகம், இரண்டாவது என்றால் இ-சேவை மையம், மூன்றாவது என்றால் வங்கி. வாயில் வந்த சொல் ஒன்றுதான். போக வேண்டிய இடம் மூன்று. இதைப் பிரித்துச் சொல்ல ஒருவர் இருந்தால், அந்த விவசாயிக்கு மூன்று நாள் அலைச்சல் மிச்சம்.

பயிரைப் பற்றியும் அப்படித்தான் வருவார்கள். ‘நாத்து ஒரு மாதிரியா இருக்கு’ என்பார்கள். மருந்துப் பெயர் சொல்ல அவசரப்படாமல், நல்ல செடி ஒன்றையும் வாடிய செடி ஒன்றையும் வேரோடு பிடுங்கி வரச் சொல்லுங்கள். மீஞ்சூர்ப் பக்கம் போலக் கடல் நீர் நிலத்தடியில் ஏறிய பகுதி என்றால், கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி உப்பளவு பரிசோதனைக்கு அனுப்புங்கள். இரண்டு செடியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் பேசினால், கேட்கும் கேள்வி தெளிவாக இருக்கும். காலை 6 முதல் இரவு 10 வரை தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

எண்ணூர் வாசகருக்குக் கடைசியாக ஒன்று. பேச்சை மனப்பாடம் செய்ய வேண்டாம், தாளைப் பார்த்தே படியுங்கள். தாளைப் பார்த்துப் பேசுபவரிடம், தாளோடு வரத் தயங்குபவருக்கும் கொஞ்சம் தைரியம் வரும். மைய நேரத்தையும் நாளையும் மட்டும் பேச்சின் முடிவில் இரண்டு முறை சொல்லுங்கள்.